பிங் 20 காட்டியும் கிளவுட் கேமிங்கில் பொத்தான் ஏன் தாமதமாக வேலை செய்கிறது?

கேள்வி: என்னுடைய இணைய இணைப்பு 100 மெகாபிட் வேகம் கொண்டது, பிங் 20 மில்லி விநாடிதான் காட்டுகிறது. திரைப்படங்கள் தடையில்லாமல் ஓடுகின்றன. ஆனால் தொலைக்காட்சியில் கிளவுட் கேமிங் விளையாடும்போது, படம் தெளிவாக இருந்தும், பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே பாத்திரம் அசைகிறது. விளையாட்டு உண்மையில் எப்படித் திரைக்கு வந்து சேர்கிறது? இந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது?

பதில்:

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு தொலைவிலுள்ள சர்வரில் ஓடுகிறது; அதன் படம் மட்டும் காணொளியாக உங்கள் திரைக்கு வருகிறது. பிங் என்பது ஒரு சிறிய தகவல் அந்தச் சர்வருக்குச் சென்று திரும்பும் நேரத்தை மட்டுமே அளக்கிறது. உங்கள் கை உணர்வதோ, விரல் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அதன் விளைவு திரையில் ஒளியாகத் தெரியும் கணம் வரையிலான மொத்த நேரம். இதையே உள்ளீட்டுத் தாமதம் என்கிறோம். நல்ல நிலையில் இயங்கும் ஓர் அமைப்பிலும் இந்த மொத்த நேரத்தில் பிங்கின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கக்கூடும். மீதி எங்கே செலவாகிறது என்பதைப் பார்க்க, ஒரே ஒரு பொத்தான் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு அதன் பயணத்தை முழுவதுமாகத் தொடர்ந்து செல்வதே நல்ல வழி.

அதற்கு முன், திரைப்படம் தடையின்றி ஓடும் அதே இணைப்பில் விளையாட்டு ஏன் தடுமாறுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திரைப்படம் ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்ட ஒன்று. அடுத்த முப்பது விநாடிக்கான காட்சிகளை உங்கள் கருவி முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். இணைப்பு இரண்டு விநாடி தொய்ந்தாலும் சேமிப்பிலிருந்து படம் ஓடிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் அடுத்த காட்சி இன்னும் உருவாகவே இல்லை. நீங்கள் இடப்பக்கம் திரும்பப் போகிறீர்களா வலப்பக்கமா என்று தெரிந்த பிறகுதான் சர்வரால் அதை வரைய முடியும். ஆகவே முன்கூட்டிச் சேமிப்பதற்கு எதுவும் இல்லை. இணைப்பில் ஏற்படும் ஒவ்வொரு சிறு தொய்வும் நேராக உங்கள் கையை வந்து சேர்கிறது.

இனி அந்தப் பொத்தானைத் தொடர்வோம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், 1920 × 1080 அளவுள்ள படம், காணொளிக்கு விநாடிக்கு 20 மெகாபிட் பிட்ரேட் என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் எண்கள் ஒரு நல்ல அமைப்புக்குப் பொருந்தக்கூடிய எடுத்துக்காட்டுகள். கருவிக்குக் கருவி அவை மாறும், ஆனால் அவற்றின் விகிதம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

நீங்கள் அழுத்தியதைக் கம்பியில்லாக் கன்ட்ரோலர் உணர்ந்து தொலைக்காட்சிக்கோ அதனுடன் இணைத்துள்ள கருவிக்கோ சொல்ல சுமார் 6 மில்லி விநாடி ஆகிறது. கருவியில் உள்ள செயலி அதைச் சிறிய பாக்கெட்டாக்கி இணையத்தில் விட 2 மில்லி விநாடி. பிங் 20 என்றால் சர்வரை அடைய ஏறத்தாழ 10. கூகுளின் ஸ்டேடியா சேவை 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது; அதன் கன்ட்ரோலர் தொலைக்காட்சியைச் சாராமல் வைஃபை வழியாக நேரே சர்வருடன் பேசியது. இந்த முதல் சில மில்லி விநாடிகளில் கொஞ்சத்தையாவது மிச்சப்படுத்தவே அப்படி வடிவமைத்தார்கள். சேவை நிலைக்கவில்லை என்றாலும் அது மிகச் சரியான யோசனை என்றே நான் கருதுகிறேன்.

சர்வரை அடைந்த உள்ளீடு உடனே செயலாவதில்லை. விளையாட்டு விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான், உள்ளீடுகளைப் பார்க்கிறது. உங்கள் அழுத்தம் அந்த இடைவெளியில் எந்த இடத்திலும் வந்து விழலாம் என்பதால் சராசரியாக 8 மில்லி விநாடி காத்திருக்கிறது. அதன்பின் விளையாட்டு எஞ்சின் ஒரு ஃபிரேம் நேரத்தில் பாத்திரம் எங்கே நகர்ந்தது, எதில் மோதியது என்று கணக்கிடுகிறது. அடுத்த ஃபிரேம் நேரத்தில் படம் வரைவதற்கான சில்லான ஜிபியு அதை வரைகிறது. இரண்டும் சேர்ந்து 33 மில்லி விநாடி. பல எஞ்சின்கள் ஜிபியுவை ஓய்வின்றி வைத்திருப்பதற்காக இதைவிட நீண்ட வரிசையை வைத்துக்கொள்வதும் உண்டு. இந்தப் பகுதிக்கும் கிளவுடுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே விளையாட்டை உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டினாலும் இந்த நேரம் செலவாகியே தீரும்.

வரைந்து முடித்த படத்தை அப்படியே அனுப்ப முடியாது. ஒரு பிக்சலுக்கு 24 பிட் என்று கணக்கிட்டால் விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் தேவைப்படும். அதை 20 மெகாபிட்டுக்குள் அடக்க வேண்டுமானால் நூற்றைம்பது மடங்கு சுருக்க வேண்டும். இந்த வேலையை எச்.264, எச்இவிசி, ஏவி1 போன்ற முறைகளில், ஜிபியுவுக்குள்ளேயே தனியாக அமைந்துள்ள என்கோடர் செய்கிறது. படத்தை எடுத்துச் சுருக்கி முடிக்க 7 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சுருக்கும் வேலை சற்று நின்று பார்க்கத் தக்கது, ஏனெனில் இங்கேதான் திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் தொழில்நுட்ப வழிகள் முற்றிலும் பிரிகின்றன. திரைப்படத்தைச் சுருக்கும் என்கோடர், முந்தைய ஃபிரேமுடன் அடுத்து வரவிருக்கும் ஃபிரேமையும் பார்த்து இடையில் உள்ளதைக் கணிக்கும். அப்படிச் செய்தால் தரம் குறையாமல் அளவு வெகுவாகக் குறையும். ஆனால் அடுத்த ஃபிரேமைப் பார்க்க வேண்டுமானால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேம் காத்திருப்பும் 16.7 மில்லி விநாடி. அதனால் விளையாட்டுக்கான என்கோடர் பின்னால் மட்டுமே திரும்பிப் பார்க்கிறது. ஒரே தரத்துக்கு அதிக பிட்களைச் செலவிடுகிறது, பதிலுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இரண்டாவது சிக்கல் முழு ஃபிரேம். முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பும் சாதாரண ஃபிரேம் 20 மெகாபிட்டில் சராசரியாக 42 கிலோபைட் இருக்கும். எதையும் சாராமல் தனித்து நிற்கும் முழு ஃபிரேம் ஒன்று அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 200 கிலோபைட் அளவுக்கு வந்தால், அதே 20 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்பி முடிக்க 80 மில்லி விநாடி ஆகும்; அதற்குள் ஐந்து ஃபிரேம்கள் கடந்துவிட்டிருக்கும். திரைப்படத்தில் சில விநாடிக்கு ஒரு முறை முழு ஃபிரேம் வருவது எந்தத் தொல்லையும் தராது. விளையாட்டில் அப்படி வந்தால் சில விநாடிக்கு ஒரு முறை கை இடறும். எனவே பல சேவைகள் படத்தை நெடுக்காகப் பட்டைகளாகப் பிரித்து, ஃபிரேமுக்கு ஒரு பட்டை வீதம் முழுமையாகப் புதுப்பித்துக்கொண்டே போகின்றன. எந்த ஒரு ஃபிரேமும் பருத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் நோக்கம்.

சுருக்கிய 42 கிலோபைட், சுமார் 1,200 பைட் கொண்ட 35 பாக்கெட்டுகளாகப் பிரிந்து புறப்படுகிறது. உங்கள் 100 மெகாபிட் இணைப்பில் அவை அனைத்தும் நுழைந்து முடிய 3.3 மில்லி விநாடி போதும். சர்வர் அவற்றைச் சற்று இடைவெளி விட்டே அனுப்பும் என்பதால் 5 என்று கொள்வோம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இணைப்பை 500 மெகாபிட்டாக உயர்த்தினால் இந்த இடத்தில் கிடைக்கும் ஆதாயம் இரண்டு, மூன்று மில்லி விநாடிதான். இணைய வேகம் ஓர் எல்லைக்கு மேல் தாமதத்தைக் குறைக்காது என்பதற்கு இதுவே காரணம்.

திரும்பி வரும் பயணத்துக்கு 10. வந்தவற்றை ஒழுங்குபடுத்தி, சீரான இடைவெளியில் கொடுப்பதற்காகக் கருவி அவற்றை 5 மில்லி விநாடி தாங்கி வைத்திருக்கிறது. டிகோடர் படத்தை விரிக்க 5. திரை தன் அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருக்கச் சராசரியாக 8. திரை அந்தப் படத்தை மேலிருந்து கீழாக வரைந்து, பிக்சல்கள் நிறம் மாறி முடிய 13.

எல்லாவற்றையும் கூட்டினால் 112 மில்லி விநாடி. இதே விளையாட்டைப் பக்கத்திலேயே இருக்கும் கணினியில், அதே கன்ட்ரோலரையும் திரையையும் வைத்து ஓட்டினால் 68 வரும். ஆக, கிளவுட் சேர்த்தது 44 மில்லி விநாடி. அதிலும் பிங் என்று உங்களுக்குக் காட்டப்பட்டது 20 மட்டுமே. மீதி 24 சுருக்குவதிலும் விரிப்பதிலும் காத்திருப்பதிலும் போயிற்று.

44 மில்லி விநாடி ஒரு பொருட்டா என்ற ஐயம் எழலாம். கண்ணால் பார்த்துக் கையால் செயல்பட மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. அதன் முன் 44 சிறிது என்று பலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. தாமதம் எதிர்வினை நேரத்துக்குள் மறைந்துவிடுவதில்லை, அதன்மேல் கூடுகிறது. ஓர் எதிரி வாளை ஓங்கிய கணத்திலிருந்து 350 மில்லி விநாடிக்குள் நீங்கள் தடுக்க வேண்டும் என்று விளையாட்டு விதித்திருப்பதாகக் கொள்ளுங்கள். உங்கள் எதிர்வினை நேரம் 250. அருகில் இருக்கும் கணினியில் 250உடன் 68 சேர்ந்து 318; தடுத்துவிட்டீர்கள். கிளவுடில் 250உடன் 112 சேர்ந்து 362; அதே திறமை, அதே விரல், ஆனால் அடி விழுந்துவிட்டது. மனித எதிர்வினை நேரத்தை ஒட்டியே விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இத்தகைய கால எல்லைகளை வகுக்கிறார்கள். எல்லையின் ஓரத்தில் நிற்கும்போது 44 என்பது வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட முழுத் தூரம்.

எதிர்வினை தேவைப்படாத இடத்திலும் தாமதம் கெடுக்கிறது, அதுவும் இன்னும் ஆழமாக. கேமராவைத் திருப்பி ஓர் இலக்கின்மேல் நிறுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குச்சியைத் தள்ளுகிறீர்கள், திரையைப் பார்க்கிறீர்கள், வந்துவிட்டது என்று கண்டதும் விடுகிறீர்கள். இது தொடர்ந்து திருத்திக்கொண்டே செல்லும் செயல். கேமரா விநாடிக்கு 180 பாகை திரும்புகிறது என்றால், 68 மில்லி விநாடித் தாமதத்தில் நீங்கள் பார்க்கும் படம் உண்மை நிலைக்கு 12 பாகை பின்தங்கியிருக்கிறது. 112இல் 20 பாகை. இலக்கு நடுவில் வந்ததாகக் கண்டு விடும்போது கேமரா அதைக் கடந்து போயிருக்கிறது. திரும்ப இழுக்கிறீர்கள், மறுபக்கம் கடக்கிறது. விளையாடுபவர்கள் இதை "கனமாக இருக்கிறது", "மிதக்கிறது" என்று சொல்வார்கள். தாமதம் என்ற சொல்லையே பயன்படுத்த மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் உணர்வது காத்திருப்பை அல்ல, கட்டுப்பாடு நழுவுவதை.

சாதாரண இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் 60, 70 பிங்கிலும் நன்றாக ஆடுகிறோமே என்பது நியாயமான எதிர்க்கேள்வி. அங்கே விளையாட்டு உங்கள் கணினியிலேயே ஓடுகிறது. நீங்கள் முன்னே நகர்ந்தால் அது சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் உடனே நகர்த்திக் காட்டிவிடும்; சர்வர் வேறுவிதமாகச் சொன்னால் பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளும். பிங் மறைக்கப்படுகிறது. கிளவுடில் உங்கள் கையில் இருப்பது விளையாட்டு அல்ல, வெறும் காணொளி. அதனால் எதையும் முன்கூட்டி ஊகித்துக் காட்ட முடியாது. ஒரே 20 பிங்குக்கு இந்த இரு இடங்களிலும் பொருள் வேறு. இதை உடைக்கும் முயற்சியாக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2015இல் அவுட்டடைம் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். வீரர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்று சர்வர் ஊகித்து, அந்தந்தச் சாத்தியத்துக்கான ஃபிரேம்களை முன்னரே வரைந்து அனுப்பிவிடும். கருவி பொருத்தமானதைத் தேர்ந்து காட்டும். 120 மில்லி விநாடி வரையிலான வலையமைப்புத் தாமதத்தை அது மறைத்தது. ஆனால் ஒன்றுக்குப் பதில் பல ஃபிரேம்களை வரையவும் அனுப்பவும் வேண்டியிருப்பதால் செலவு ஏறிவிடுகிறது, விளையாட்டையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும்.

இதுவரை பேசியது மாறாத தாமதத்தைப் பற்றி. ஒரு வகையில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒவ்வொரு முறையும் சரியாக 112 என்றால், சற்று நேரம் ஆடிய பின் மூளை அதற்குப் பழகி, சற்று முன்னதாகவே பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்கிறது. பழக முடியாதது ஏற்ற இறக்கம். ஒரு தாவலுக்கு 100, அடுத்ததற்கு 150, அதற்கடுத்ததற்கு 110 என்று வந்தால் மூளை எதைக் கற்றுக்கொள்வது? என் மதிப்பீட்டில், நிலையான 130 என்பது 90க்கும் 160க்கும் இடையில் அலையும் தாமதத்தைவிட நல்ல விளையாட்டைத் தரும்.

ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான் கருவி 5 மில்லி விநாடி தாங்கி வைக்கிறது என்றேன். ஒரு ஃபிரேம் 15 மில்லி விநாடி தாமதித்து வந்தால் அந்த 5 போதாது. திரை முந்தைய படத்தையே மீண்டும் காட்டும். பிறகு இரண்டு ஃபிரேம்கள் ஒன்றாக வந்து சேரும். இப்போது செயலி ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும், அல்லது இரண்டையும் வரிசையில் வைத்துக் காட்ட வேண்டும். எறிந்தால் அசைவு ஒரு துள்ளு துள்ளும். வரிசையில் வைத்தால் படம் சீராகத் தெரியும், ஆனால் அந்தக் கணம் முதல் எல்லாமே ஒரு ஃபிரேம் பின்தங்கி ஓடும். நெடுநேரம் ஆடிய பிறகு கட்டுப்பாடு மெல்ல மந்தமாகி, சேவையை மூடித் திறந்ததும் சரியாவதாக உணர்ந்தால், இந்த வரிசை வளர்ந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம்.

வலையமைப்பு முற்றிலும் நன்றாக இருக்கும்போதும் வரும் ஒரு சிறு தடுக்கல் உண்டு. சர்வர் விநாடிக்கு சரியாக 60 ஃபிரேம் அனுப்புகிறது, உங்கள் திரையோ விநாடிக்கு 59.94 முறை புதுப்பிக்கிறது என்றால், ஏறத்தாழ 17 விநாடிக்கு ஒரு ஃபிரேம் மிஞ்சிப்போகும். கடிகாரம் பார்த்தது போல ஒரே இடைவெளியில் வரும் தடுக்கல் இதைக் காட்டிக்கொடுக்கும். வலையமைப்பினால் வரும் தடுக்கலுக்கு இப்படிப்பட்ட ஒழுங்கு பெரும்பாலும் இராது.

வீட்டுக்குள் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் மிகப் பெரிய காரணம் ரூட்டரில் சேரும் வரிசை. உங்கள் பதிவேற்ற வேகம் 10 மெகாபிட் என்றும், ரூட்டரோ மோடமோ 256 கிலோபைட் வரை பாக்கெட்டுகளைக் காத்திருக்க வைக்கும் என்றும் கொள்வோம். வீட்டில் வேறொருவரின் கைபேசி புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கினால் அந்த வரிசை நிரம்பிவிடும். அதன் கடைசியில் போய் நிற்கும் உங்கள் பொத்தான் அழுத்தம் வெளியேற 210 மில்லி விநாடி ஆகும். உங்கள் உள்ளீடு சில நூறு பைட்டுக்கு மேல் இருக்காது, படமோ கீழ்நோக்கி வருகிறது. ஆகவே காட்சி சற்றும் கெடாமல் தெளிவாகவே ஓடும், கட்டுப்பாடு மட்டும் செத்துவிடும். பதிவேற்றம் ஓயும்போது தாமதமும் மறையும். இதற்கு அதிக வேகம் வாங்குவதைவிட, வரிசையை முறையாகக் கையாளும் ரூட்டரே நல்ல மருந்து. எஃப்கியூ கோடெல், கேக் என்ற பெயர்களில் அந்த முறைகள் ரூட்டர் அமைப்புகளில் காணப்படும். அவை ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை தந்து, சிறிய பாக்கெட்டுகள் பெரிய கூட்டத்தின் பின்னால் சிக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

பாக்கெட் இழப்பு பற்றியும் ஒரு கணக்கு. நூற்றுக்கு ஒன்று தொலைகிறது என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு ஃபிரேம் 35 பாக்கெட்டுகளால் ஆனது. அவற்றில் ஒன்றாவது தொலைய வாய்ப்பு நூற்றுக்கு 30. அதாவது மூன்று ஃபிரேமுக்கு ஏறத்தாழ ஒன்று குறைபட்டு வருகிறது. தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க இன்னொரு முழு 20 மில்லி விநாடி, அதாவது ஒரு ஃபிரேமுக்கும் மேல், ஆகும். தொலைந்தது வரும்வரை பின்னால் வந்தவற்றையெல்லாம் நிறுத்தி வைக்கும் டிசிபி என்ற அனுப்பும் முறை இதற்கு ஒத்துவராததால், அப்படி நிறுத்தாத யூடிபி முறையையே பயன்படுத்துகிறார்கள். 35 பாக்கெட்டுடன் கணிதமுறையில் உருவாக்கிய ஏழு உபரிப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பினால், 42இல் எந்த ஏழு தொலைந்தாலும் கேட்காமலே மீட்டுவிடலாம். அதற்கான விலை, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பிட்ரேட்.

இனி உங்கள் அமைப்பில் குற்றம் எங்கே என்று கண்டறிவதற்கு வருகிறேன். முதலில் மொத்தத்தை அளந்துவிடுங்கள். அதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு வசதி உள்ள கைபேசியால், கன்ட்ரோலரும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பதிவு செய்யுங்கள். பிறகு பொத்தான் அழுந்தி நிற்கும் படத்திலிருந்து பாத்திரம் அசையத் தொடங்கும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் 4.17 மில்லி விநாடி. 27 படங்கள் என்றால் நாம் மேலே கணக்கிட்ட 112. காத்திருப்புகள் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் பத்து முறையாவது எடுத்துச் சராசரியையும், மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள்.

சராசரி 180, 200 என்று உயர்ந்து, இடைவெளி குறைவாக இருந்தால், நிலையான ஒன்று நேரத்தைத் தின்கிறது. நீங்கள் தொலைக்காட்சியில் விளையாடுவதால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அசைவை மென்மையாக்கும் வசதி, இடையில் ஒரு படத்தைக் கற்பனையாகச் செருகுவதற்காக அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்கிறது. இரைச்சல் நீக்கமும் கூர்மையாக்கமும் மேலும் நேரம் எடுத்துக்கொள்கின்றன. இவை எல்லாம் சேர்ந்தால் பல ஃபிரேம்கள் போய்விடும், மொத்தக் கிளவுட் பயணத்தையும்விட அதிகமாகக்கூட ஆகலாம். இவற்றை ஒதுக்கிவிடும் கேம் மோடை இயக்கியதும் அளவு சட்டென்று இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் செயலியில் விளையாடுபவர்கள் கேம் மோட் அங்கும் செயல்படுகிறதா என்று பார்க்க வேண்டும்; பல தொலைக்காட்சிகளில் அது எச்டிஎம்ஐ வாயிலுக்கு மட்டும் தனியாக அமைக்கப்பட்டிருக்கும். இறங்கவில்லை என்றால் அதே சேவையை மடிக்கணினியில் திறந்து மீண்டும் அளவிடுங்கள். பழைய தொலைக்காட்சிகளின் டிகோடர் திரைப்படத்துக்காகவே அமைந்தது. பல ஃபிரேம்களை உள்ளே அடுக்கி வைத்த பிறகே வெளியே தரும்.

அளவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால் வலையமைப்பைப் பாருங்கள். அதிலும் வைஃபையா வெளி இணைப்பா என்பதைப் பிரிக்க, ஒரு மடிக்கணினியைத் தொலைக்காட்சியின் அருகில் வைத்து, அதே வைஃபையில் இணைத்து, இணையத்தை விட்டுவிட்டு ரூட்டரை மட்டும் பிங் செய்யுங்கள். விண்டோஸில் கட்டளை இது. முகவரி உங்கள் ரூட்டருடையதாக இருக்கட்டும்:

```
ping -n 100 192.168.1.1
```

எல்லாப் பதில்களும் சில மில்லி விநாடிக்குள் வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. அவ்வப்போது 40, 80 என்று துள்ளினால், வெளி இணைப்பை எவ்வளவு மேம்படுத்தினாலும் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் புளூடூத்தும் ஒரே அலைவெளிக்குப் போட்டியிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது உதவும், கேபிள் இழுத்துவிடுவது இன்னும் உறுதி. ரூட்டர் வரை சீராக இருந்தால், ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே வெளியில் உள்ள ஒரு முகவரியை இதே முறையில் பிங் செய்யுங்கள். எண்கள் 20இலிருந்து 200க்குத் தாவினால் அது நான் மேலே சொன்ன ரூட்டர் வரிசை.

எல்லாம் சீராக இருந்தும் 112 உங்களுக்கு அதிகமென்று தோன்றினால், பிங்கைக் குறைக்க முயல்வதைவிட ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்துவது அதிகம் தரும். சேவையும் திரையும் 120 ஃபிரேமை ஏற்றால், சர்வரின் காத்திருப்பு 8இலிருந்து 4 ஆகிறது, எஞ்சினின் 33 ஏறத்தாழ 17 ஆகிறது, திரையின் காத்திருப்பும் 4 ஆகிறது. மொத்தத்தில் 24 மில்லி விநாடி மிச்சம். இது உங்கள் முழு பிங்கையும் இல்லாமல் ஆக்குவதைவிடப் பெரியது. எதனாலும் குறைக்க முடியாதது தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், 2,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வருக்குப் போய்வர, வழி நேர்கோடாகவே இருந்தாலும், 20 மில்லி விநாடி ஆகியே தீரும். சேவை உங்களைத் தொலைவிலுள்ள சர்வரில் தானாக இணைத்துவிடுவதும் நடக்கும். அமைப்புகளில் வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க இடம் தந்திருந்தால் மிக அருகிலுள்ளதை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.